பெயர் இருந்த நிறுத்தத்துக்குப் பெயர் வைத்த கதை

விருதுநகர் மாவட்டப் பக்கம், மாநில நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது ஊர். ஊரின் பெயரையோ ஆட்களின் பெயரையோ சொல்லப்போவதில்லை. அந்தப் பக்கத்தில் பல இடங்களில் நடப்பதை ஓர் ஊரில் வைத்து எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ளலாம். காலம் 2025.

ஊருக்குப் பிரியும் இடத்தில் பழைய நிறுத்தம் இருக்கிறது. தென்மாவட்ட வழக்கப்படி அதை 'விலக்கு' என்பார்கள். இதே மாதிரியான இடம் செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கம் கூட்டுரோடு, கொங்கில் பிரிவு, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் கைகாட்டி. ஊர்ப்பெயரோடு விலக்கு என்று சேர்த்துச் சொன்னால் கண்டக்டர் கேள்வி கேட்காமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்த காலத்திலிருந்தே அது இருக்கிறது. பிரச்சினை அந்த நிறுத்தத்தில் இல்லை. விலக்கிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி, சாலை ஓரத்திலேயே தலித் மக்கள் குடியிருப்பு. அங்கிருந்து பள்ளிக்கும் மில்லுக்கும் போகிற பெண்கள் சாயந்திரம் விலக்கில் இறங்கி, விளக்கில்லாத சாலையில் திரும்பி நடக்கவேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்தார்கள். ஒரு தடவையில் நடக்கவில்லை, நடந்தது. பேருந்து நிற்க அனுமதி வந்தது; சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் நிழற்குடையும் எழும்பியது.

நிழற்குடையின் நெற்றியில் உறுப்பினர் பெயர், நிதியாண்டு, மதிப்பீடு எல்லாம் பெயிண்டர் எழுதி முடித்துவிட்டார். நடுவில் நிறுத்தத்தின் பெயருக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. (எந்த ஊர் நிழற்குடையைப் பார்த்தாலும் நிறுத்தத்தின் பெயரைவிட நிதி கொடுத்தவர் பெயர்தான் பெரிதாக இருக்கும். வெளியூர்க்காரன் பேருந்திலிருந்து எட்டிப் பார்த்தால், எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியாது, யார் தொகுதியில் வந்திருக்கிறோம் என்று தெரியும்.) ஒப்பந்ததாரருக்கு அவசரம். எழுத்து முடிந்த நிழற்குடையைப் போட்டோ எடுத்து வைத்தால்தான் பில் நகரும்.

சாதாரணமாக இதை ஊராட்சித் தலைவர் முடிவு செய்துவிடுவார். தப்போ சரியோ, திட்டுவதற்கு ஓர் ஆள் இருப்பார். ஆனால் 27 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன்பின் தனி அலுவலர் ஆட்சி. தனி அலுவலர் ஒன்றிய அலுவலகத்தில் இருப்பவர். அவருக்கு இப்படிப் பல ஊராட்சிகள். ஊரில் மிஞ்சியது ஊராட்சி செயலர் ஒருவர்தான். பெயர் என்றாலே வம்பு என்று அவருக்குத் தெரியும். அதனால் அவர் ஒரு பெரியவரைத் தேடிப் போனார்.

பெரியவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. பருத்தியும் வத்தலும் ஏற்றி விருதுநகர் மார்க்கெட்டுக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். கட்சி இல்லை, கோயில் முறைகாரரும் இல்லை, தேர்தலில் நின்றதில்லை. செயலர் கேட்டது இப்படி: "தாத்தா, நீங்க ஒரு பேரு சொல்லிருங்க. நீங்க சொன்னா யாரும் மாத்துப் பேசமாட்டாக." பெரியவர் நெடுநேரம் யோசிக்கவில்லை. "சுமதாங்கின்னு வையப்பா" என்றார்.

பெயர் சும்மா வந்ததில்லை. நிழற்குடைக்குச் சற்றுத் தள்ளி, கருவேல மரத்தடியில் ஒரு பழைய சுமைதாங்கிக்கல் கிடக்கிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் குறுக்கே வைத்தது. தலைச்சுமையோடு வருகிறவர் யார் கையும் வேண்டாமல் சுமையை இறக்கி வைக்கவும் மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம். வண்டிக்காரருக்கு அது தெரிந்த அடையாளம். ஆள் பெயர் இல்லை, சாமி பெயர் இல்லை, கட்சிப் பெயர் இல்லை. யாருக்கும் உறுத்தாது என்று நினைத்தார். செயலருக்கும் அப்பாடா என்று இருந்தது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாக வைத்தார்.

முதலில் எழுந்தது ஊருக்குள் இருக்கிற ஒரு குடும்பம். அந்தக் கல் தங்கள் பாட்டனார் நட்டது என்றார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். பிள்ளையை இறக்கி வைக்காமலே போனவளின் சுமையை வழிப்போக்கர்கள் இறக்கி வைக்கிறார்கள் என்பது நம்பிக்கை. அப்படி இறந்த எங்கள் அப்பத்தாவின் பெயரைச் சேர்த்து வையுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அதைக் கேட்டதும் பெண்கள் பக்கத்தில் சலசலப்பு. "மாசமா இருக்க பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போகயில, இந்தப் பேரச் சொல்லியா பஸ் ஏறணும்?" என்று ஒரு அம்மா கேட்டார். இந்த இரண்டு பேச்சிலேயே அரைமணி நேரம் ஓடியது. அதை விரித்து எழுத ஒன்றுமில்லை. எந்தப் பெயரை எடுத்தாலும் இந்த மாதிரி இரண்டு பேச்சு வரும், சமாளித்தும்விடலாம்.

பிறகு குடியிருப்பிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பட்டப்படிப்பு முடித்தவள், மனு எழுதியவளும் அவள்தான். "தாத்தா, ஸ்டாப்பு கேட்டது நாங்க. எங்க தெருப் பேரு அம்பேத்கர் நகர். வாக்காளர் அட்டையில அதான் இருக்கு, ரேஷன் கார்டுல அதான் இருக்கு. ஸ்டாப்புக்கு மட்டும் ஏன் கல்லு பேரு?"

அவளுடைய பாட்டி வயதுக்காரர்கள் பெரியவரை 'சாமி' என்றோ 'அய்யா' என்றோ கூப்பிட்டவர்கள். இவள் தாத்தா என்றாள். சபையில் சிலருக்கு முதலில் தைத்தது அதுதான் என்பது என் அனுமானம். பெரியவருக்குத் தைத்த மாதிரி தெரியவில்லை. அவர் சொன்ன பதில் வேறு: "பேருல ஆளக் கொண்டுவராத தாயி. பஸ்ஸுல பேரு எழுதி இந்தப் பக்கம் பட்டது போதும்."

அவர் சொன்னது 1997. அப்போது மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள், மன்னர்கள் பெயர் இருந்தது. விருதுநகர் மாவட்டம் காமராஜர் மாவட்டம், சிவகங்கை பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் மாவட்டம். பேருந்துகளில் பாண்டியன், சேரன், சோழன், கட்டபொம்மன் என்று எழுதியிருக்கும். விருதுநகரைத் தலைமையிடமாக வைத்துப் புதிதாக ஒரு கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மன் படையில் தளபதியாக இருந்தவர். தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பி, தென்மாவட்டங்களில் கலவரமாகி, உயிர்கள் போயின. கடைசியில் அந்த ஆண்டு ஜூலையில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. இன்று எல்லாப் பேருந்திலும் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று மொட்டையாக இருப்பது அப்படி வந்ததுதான்.

பெரியவர் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், ஆள் பெயரே வேண்டாம் என்பது. அந்தப் பெண் அதே நிகழ்ச்சியை எடுத்து வேறு விதமாகப் படித்தாள். "அதுக்கு முன்னாடி அத்தன பேரு ஓடுச்சே தாத்தா. எந்தப் பேரு வந்தப்ப நிப்பாட்டுனாக?"

பதில் சொல்ல யாரும் அவசரப்படவில்லை. எனக்கு அவள் கேள்வி சரியாகத்தான் படுகிறது. ஆள் பெயரே வேண்டாம் என்ற விதி, எல்லாரும் பெயர் வைத்து முடித்து, ஒடுக்கப்பட்டவர்கள் பெயர் வந்து நிற்கும்போதுதான் பெரும்பாலும் பிறக்கிறது. கல், மரம், ஊருணி என்று பொதுப்பெயர் வைப்பது தன்னளவில் தப்பில்லை. ஆனால் ஏற்கெனவே பெயருள்ள குடியிருப்பின் வாசலில் அதை வைத்தால், வைத்தவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், அந்தப் பெயரை மறைக்கிற வேலையை அது செய்யும். இந்தப் பக்கத்தில் அம்பேத்கர் சிலைகள் பல இடங்களில் கம்பிக்கூண்டுக்குள் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, இதையும் அந்த வரிசையில்தான் பார்க்கத் தோன்றும்.

விவாதம் இத்தோடு நின்றிருந்தால் எளிதாக இருந்திருக்கும்: ஊர் ஒரு பக்கம், குடியிருப்பு ஒரு பக்கம். அப்படி இல்லை. கூட்டம் முடிந்தபின், குடியிருப்பிலிருந்து மில்லுக்குப் போகும் இரண்டு மூன்று பெண்கள் செயலரிடம் தனியாக வந்து, சுமைதாங்கியே இருக்கட்டும் என்றார்கள். சபையில் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

அவர்கள் சொன்ன காரணம் இந்த விவகாரத்தின் மையம். நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட் கொடுக்கவேண்டும். அதற்கு எங்கே இறங்குகிறாய் என்று கேட்பார். நெரிசலில் சத்தமாகத்தான் பதில் சொல்லவேண்டும். இதுவரை அவர்கள் 'விலக்கு' என்று சொல்லி டிக்கெட் வாங்கினார்கள். விலக்கு என்றால் ஊரில் யார் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். அம்பேத்கர் நகர் என்று சொன்ன நொடியில் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரு தெரியும், தெரு தெரிந்தால் சாதி தெரியும். "கூட வேல பாக்குற பிள்ளைகளுக்கு இதுவரைக்கும் தெரியாதுண்ணே" என்றாள் ஒருத்தி. நிறுத்தத்தின் பெயர் பலகையில் இருப்பது மட்டுமில்லை, தினம் இரண்டு வேளை பயணி தன் வாயால் சொல்லவேண்டியதும்கூட. அந்தப் பட்டதாரிப் பெண்ணுக்கு இது தெரியாமல் இல்லை. அவள் பேச்சு, தெரியட்டும் என்பது. மற்றவர்கள் பேச்சு, அதற்கான விலையை நாங்கள்தானே பேருந்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது. இரண்டும் ஒரே காயத்திலிருந்து வருகிற பேச்சு. வெளியிலிருந்து பார்க்கிற எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லத் தகுதி போதாது.

இதற்குள் செயலருக்கு இன்னொரு யோசனை. குடியிருப்பைப் பழைய பதிவேடுகளில் 'காலனி' என்று எழுதியிருந்தார்கள்; ஊர்ப்பெயரோடு காலனி நிறுத்தம் என்று போட்டுவிட்டால் என்ன? அது நடக்காது என்று ஒன்றிய அலுவலகத்திலேயே சொல்லிவிட்டார்கள். காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் அந்த ஆண்டு ஏப்ரலில்தான் சட்டமன்றத்தில் அறிவித்திருந்தார். அக்டோபர் தொடக்கத்தில், குடியிருப்பு, தெரு, சாலைகளின் சாதிப் பெயர்களை நீக்கும் அரசாணையும் வந்தது.

அரசுப் போக்குவரத்துக் கழகக் கிளையில் விசாரித்தபோது வேறொன்று தெரிந்தது. ஊர்க்காரர்கள் பெயர் என்று ஒன்றைத்தான் நினைத்துச் சண்டை போட்டார்கள். அங்கே அது மூன்றாக இருந்தது. நிழற்குடையில் எழுதுவது ஒன்று. தீர்மானத்தில் பதிவாவது இன்னொன்று. டிக்கெட் இயந்திரத்தில் இருப்பது மூன்றாவது. இயந்திரத்தில் ஏறுவது ஸ்டேஜ் பெயர்கள் மட்டும்தான். கட்டணம் ஸ்டேஜ் கணக்கில் போகிறது. இரண்டு ஸ்டேஜுக்கு நடுவே எத்தனை இடத்தில் பேருந்து நின்றாலும் அவற்றுக்கு இயந்திரத்தில் பெயர் கிடையாது. விலக்குக்கும் புது நிறுத்தத்துக்கும் முக்கால் கிலோமீட்டர்தான் என்பதால் இது தனி ஸ்டேஜ் ஆகாது. கேட்டால் நிறுத்துகிற ரெக்வெஸ்ட் ஸ்டாப் மட்டுமே. ஆக டிக்கெட்டில் பழையபடி விலக்கு என்றுதான் அச்சாகும், ஊர் என்ன தீர்மானம் போட்டாலும்.

பலகையில் எழுதினதால் மட்டும் வாயில் பெயர் மாறிவிடாது என்பதற்கு மதுரையே சாட்சி. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்தாயிற்று. மாட்டுச்சந்தை போய் எவ்வளவோ காலம் ஆனபின்னும் கண்டக்டர் மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி என்றுதான் கூவுகிறார். அதனால் சிலர், பலகைக்காக ஏன் இத்தனை சண்டை என்று கேட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அது பதிலாகப் படவில்லை. சாலையில் போகிற ஒவ்வொருவரும் நிமிர்ந்து பார்க்கிற இடம் அது. டிக்கெட்டை இறங்கியதும் கசக்கிப் போட்டுவிடுவார்கள் என்றாள்.

அக்டோபர் 2-இல் நடக்கவேண்டிய கிராம சபை அந்த ஆண்டு 11-ஆம் தேதி நடந்தது. அதற்கு அவள் ஒரு கோப்போடு வந்தாள். முதலில் கொடுத்த மனுவின் நகல். பொருள் என்ற இடத்தில், அம்பேத்கர் நகர் மக்களுக்குப் பேருந்து நிறுத்தம் வேண்டுதல் தொடர்பாக என்று இருந்தது. அனுமதி கொடுத்த கடிதத்திலும், நிழற்குடைக்கான மதிப்பீட்டிலும் 'அம்பேத்கர் நகர் அருகில்' என்றே எழுதியிருந்தார்கள். அதாவது இடத்துக்குப் பெயர் கோப்பிலேயே இருந்தது. எல்லா அலுவலகமும் அந்தப் பெயரில்தான் வேலை பார்த்திருக்கிறது. பலகையில் எழுதும் கட்டம் வந்தபோதுதான் பெயர் இல்லாத இடமாக அது மாறியது.

பெரியவருக்கு வாசிக்கக் கண் தெரியாது. பக்கத்திலிருந்த பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, செயலரைப் பார்த்தார். "ஏம்ப்பா, பேரு இருக்க பிள்ளைக்கா என்னயப் பேரு வைக்கச் சொன்ன?"

செயலர் ஏதோ முனகினார். நடந்ததில் அவர் பங்கை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று தோன்றவில்லை. அம்பேத்கர் நகர் என்று எழுதினால் இரவோடு இரவாக யாராவது தார் பூசுவார்கள், காவல் நிலையம் வரை போகும், தன் தலை உருளும் என்று பயந்தார். அந்தப் பயத்தைச் சபையில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அதைப் பற்றிப் பேசியிருக்கலாம். சொல்லாமல், எல்லாரும் மதிக்கிற ஒரு வயதானவரிடம் தூக்கிக் கொடுத்தார். பெரியவருக்குக் கோப்பும் தெரியாது, மனு யார் கொடுத்தது என்பதும் சரியாகத் தெரியாது. மரியாதை கொடுப்பதுபோல் பாரத்தைக் கைமாற்றியதுதான் நடந்தது. இந்த மாதிரிக் கேள்வியோடு யாராவது ஒரு பெரியவரைத் தேடி வந்தால், அவர் முதலில் கேட்கவேண்டியது, 'இதுவரைக்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?' என்பதுதான்.

"நான் சொன்னத எடுத்துருங்க" என்றார் பெரியவர். "கேட்டு வாங்குனவுக பேரு, அவுகளோடவே இருக்கட்டும்." ஊர்ப் பக்கத்திலிருந்து இருவர் எழுந்து போனார்கள். கல் நட்ட குடும்பம், கல்லையாவது நிமிர்த்தி வையுங்கள் என்று கேட்டது. நிழற்குடையில் அம்பேத்கர் நகர் என்றும், சுமைதாங்கிக்கல்லைச் சாய்வு நீக்கி நட்டு, அதன் அடியில் சின்னப் பலகை வைப்பது என்றும் தீர்மானம் ஆனது. சின்னப் பலகைக்கு எந்த நிதி என்ற கேள்விக்கு மட்டும் யாரும் பொறுப்பு எடுக்கவில்லை.

பெயிண்டர் வந்து எழுதினார். ஒப்பந்ததாரர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். தார் பூசப்படவில்லை. முதல் சில வாரம் குடியிருப்புப் பையன்கள் இரவில் நிழற்குடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பேருந்துக்குள் நிலைமை கலவையாக இருக்கிறது. கண்டக்டர்களில் பாதிப்பேர் புது ஸ்டாப் என்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அம்பேத்கர் நகர் என்று சொல்லி இறங்குகிறார்கள். மில்லுக்குப் போகும் பெண்கள் இன்னும் விலக்கு என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு, விலக்கு வருவதற்கு முன்பே, "சுமதாங்கில நிறுத்துங்கண்ணே" என்கிறார்கள். தீர்மானத்தில் தோற்ற பெயர் அப்படி ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லக்கூடாது என்று அந்தப் பட்டதாரிப் பெண் யாரிடமும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

நிழற்குடை சாலையின் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. டவுனிலிருந்து திரும்பி வரும் பேருந்து நிற்கிற எதிர்ப்புறத்தில் இன்னும் வெயிலில்தான் நிற்கவேண்டும். அதற்கும் மனு போயிருக்கிறது. இந்தத் தடவை, பலகையில் எழுதவேண்டிய பெயரை மனுவிலேயே தனி வரியாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பெரியவரும் ஒருவர்.